எல்லைக்குள் இருந்தபடியே ஏறிய கிரியேட்டினின்: ஏழு வருட அறிக்கைகளை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்த்த ஒரு நிகழ்வு

இந்த நிகழ்வுக்கு உரியவர் என் பெரியப்பா மகன். வயது 52. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் போய் வருபவர். தொழிற்சாலையில் ஒவ்வொரு நவம்பரிலும் ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும். அறிக்கை கைக்கு வந்ததும் அவர் செய்வது ஒன்றே: தடித்த எழுத்தில், பக்கத்தில் 'எச்' என்ற குறியோடு அச்சாகியிருக்கும் வரிகளை மட்டும் படித்துவிட்டு, தாளை மடித்து இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார். பெரும்பாலோர் செய்வதும் இதுதான். அறிக்கையின் அமைப்பே அப்படிப் படிக்கத்தான் சொல்கிறது.

நான் தர்மபுரியில் மருத்துவ ஆய்வக நுட்புநராக வேலை செய்கிறேன். 2024 டிசம்பரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "தம்பி, எனக்கு எப்பவுமே கொழுப்பு மட்டும்தான் எச் வருது, மத்ததெல்லாம் நார்மல்தான். இந்தக் கொழுப்புக்கு மாத்திரை எடுத்தே ஆகணுமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் பழைய தாள்களைக் கேட்டேன். 2017 முதல் எல்லாம் இருந்தன. கொரோனா காரணமாகப் பரிசோதனை நடக்காத 2020 மட்டும் இல்லை. அன்று மாலையே அவற்றிலிருந்து சில எண்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் வருட வரிசையில் எழுதினோம். கீழே இருப்பது அந்த அட்டவணை. அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

| வருடம் | வயது | கிரியேட்டினின் | வடிகட்டும் வீதம் | வெறும் வயிற்றுச் சர்க்கரை | மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) | எல்.டி.எல். |
|---|---|---|---|---|---|---|
| 2017 | 44 | 0.88 | 109 | 89 | 5.3 | 138 |
| 2018 | 45 | 0.92 | 105 | 94 | 5.3 | 142 |
| 2019 | 46 | 0.90 | 107 | 91 | 5.4 | 134 |
| 2021 | 48 | 1.00 | 93 | 97 | 5.5 | 145 |
| 2022 | 49 | 1.04 | 88 | 108 | 5.6 | 137 |
| 2023 | 50 | 1.12 | 80 | 98 | 5.7 | 140 |
| 2024 | 51 | 1.20 | 73 | 99 | 5.9 | 136 |

கிரியேட்டினின் என்பது தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. வடிகட்டும் வீதம் என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பது. எல்.டி.எல். என்பது கெட்ட கொழுப்பு. கிரியேட்டினின், சர்க்கரை, எல்.டி.எல். ஆகியவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளன. எச்பிஏ1சி விழுக்காட்டில் உள்ளது. அறிக்கையில் கிரியேட்டினினுக்கு 0.7 முதல் 1.3 வரையும், எச்பிஏ1சிக்கு 6.0க்குக் கீழும் இயல்பு என்று அச்சிட்டிருந்தது. எல்.டி.எல். 130ஐத் தாண்டினால் 'எச்' விழும். எனவே ஏழு வருடமும் குறி வாங்கியது எல்.டி.எல். மட்டுமே. சர்க்கரை 2022இல் ஒரே ஒருமுறை குறி வாங்கியது. சிறுநீரகத்துக்கு உரிய வரி ஒருமுறைகூடத் தடித்த எழுத்தில் வரவில்லை. ஆனால் அட்டவணையை நெடுக்காகப் படித்தால் முறை தலைகீழாகிறது. குறி வாங்கிய எல்.டி.எல். ஏழு வருடமாக 134க்கும் 145க்கும் இடையிலேயே நிற்கிறது. குறியே வாங்காத கிரியேட்டினின்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அச்சிட்ட எல்லை யாருடைய எல்லை

அறிக்கையில் வரும் 'இயல்பு எல்லை' என்பது ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, அவர்களில் நடுவே விழும் 95 விழுக்காட்டினரின் மதிப்புகளை உள்ளடக்கி வரையப்படுவது. உடற்கட்டு மெலிந்தவருக்குக் கிரியேட்டினின் 0.75 இருக்கும், தசை மிகுந்த உழைப்பாளிக்கு 1.2 இருக்கும், இருவரும் நலமாகவே இருப்பார்கள். அவ்விருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் எல்லை அவ்வளவு அகலமாக இருக்கிறது. ஆனால் ஒரு தனி மனிதரின் கிரியேட்டினின், அவர் நலமாக இருக்கும்வரை, தன் சராசரியைச் சுற்றிச் சுமார் 5 விழுக்காடு அளவுக்கே ஆடும். அண்ணனின் முதல் மூன்று மதிப்புகளைப் பாருங்கள்: 0.88, 0.92, 0.90. இதுதான் அவருடைய சொந்த எல்லை. இப்படி ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாகவும், ஒரே ஆளுக்குள் ஏற்ற இறக்கம் சிறிதாகவும் இருக்கும் பரிசோதனைகளில், பொது எல்லையைவிட அந்த ஆளின் பழைய மதிப்பே நல்ல அளவுகோல். கிரியேட்டினின் அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினினும் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகமும் நேர்கோட்டில் நகர்வதில்லை. தொடக்கத்தில் வடிகட்டும் திறன் நிறையக் குறைந்தாலும் கிரியேட்டினின் கொஞ்சமே ஏறும். பாதிப்பு முற்றிய பிறகு கொஞ்சம் குறைந்தாலும் நிறைய ஏறும். அதனால் 0.90இலிருந்து 1.20க்குப் போவது 'வெறும் 0.3' போலத் தெரிகிறது. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 107 மில்லிலிட்டரிலிருந்து 73க்கு வந்திருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கிரியேட்டினினுக்குப் பக்கத்திலேயே வடிகட்டும் வீதத்துக்கு ஒரு பத்தி போடச் சொல்வது இதற்காகத்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் இந்த அட்டவணையிலும் சரிவு கண்ணில் பட்டிருக்காது.

அந்தப் பத்தியை அறிக்கையில் இருந்தபடியே எடுத்தெழுதக் கூடாது. 2017, 2018 அறிக்கைகளில் '60க்கு மேல்' என்று மட்டுமே இருந்தது, எண் இல்லை. 2021 அறிக்கையில் பழைய சமன்பாடு, 2023 முதல் புதிய சமன்பாடு. சமன்பாடு மாறினாலே ஐந்தாறு புள்ளிகள் ஏறவோ இறங்கவோ செய்யும் என்பதால், எல்லா வருடத்துக்கும் 2021இல் வெளிவந்த சமன்பாட்டையே வைத்து நான் மறுபடி கணக்கிட்டேன். விரிதாளில் B பத்தியில் கிரியேட்டினினும் C பத்தியில் வயதும் இருந்தால், ஆண்களுக்கு இப்படி எழுதலாம்:

```
=142*MIN(B2/0.9,1)^-0.302*MAX(B2/0.9,1)^-1.2*0.9938^C2
```

பெண்களுக்கு 0.9 வரும் இரண்டு இடங்களிலும் 0.7, -0.302க்குப் பதில் -0.241, கடைசியில் 1.012ஆல் பெருக்கல்:

```
=142*MIN(B2/0.7,1)^-0.241*MAX(B2/0.7,1)^-1.2*0.9938^C2*1.012
```

ஆட்டமா, சரிவா

எண்கள் வரிசையாக ஏறினாலே சரிவு என்று முடிவுகட்டிவிட முடியாது. நான்கு மதிப்புகள் தற்செயலாகவே ஏறுவரிசையில் அமைய 24இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே அட்டவணையில் இருபது பத்திகள் போட்டால் ஏதாவது ஒன்று ஏறுவதுபோலத் தோன்றியே தீரும். அதனால் பத்திகளைக் குறைவாக வைப்பதையே நான் விரும்புகிறேன். ஒவ்வொரு பத்திக்கும் 'இவ்வளவு மாற்றம் சும்மாவே வரும்' என்ற ஓர் அளவு மனதில் இருக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளுக்கு இடையே கிரியேட்டினினில் 15 விழுக்காடு வரையிலும், வெறும் வயிற்றுச் சர்க்கரையில் ஏறக்குறைய அதே அளவும், எல்.டி.எல். கொழுப்பில் 20 விழுக்காட்டுக்கும் சற்று மேலாகவும் வேறுபாடு எந்தக் காரணமும் இல்லாமலே வரலாம். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு இன்னும் தாறுமாறானது. முந்தின நாள் சாப்பாட்டுக்கே பாதிக்குப் பாதி மாறும். எச்பிஏ1சி இவற்றுள் மிகவும் நிதானமானது. ஒரே ஆய்வகத்தில் 0.3 அல்லது 0.4க்கு மேல் நகர்ந்தால் கவனிக்கத் தக்கது.

இந்த அளவுகோலை வைத்தால் எல்.டி.எல். பத்தியில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தெளிவு. 134க்கும் 145க்கும் இடையில் 8 விழுக்காடுதான் வேறுபாடு. ஆனால் 'நடக்கவில்லை' என்பதற்கு 'நல்லது' என்று பொருள் அல்ல. எல்.டி.எல். கொழுப்பைப் பொறுத்தவரை, ரத்தக் குழாய்க்குக் கேடு செய்வது எத்தனை வருடம் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதே. ஆகவே அந்தப் பத்தியைச் சரிவு தேடும் கண்ணோடு மட்டும் பார்க்காமல், நிற்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் பத்தியில் நகர்வு முதன்மை, எல்.டி.எல். பத்தியில் நிலை முதன்மை.

கிரியேட்டினினுக்கு வருவோம். 2019க்கும் 2021க்கும் இடையில் தொழிற்சாலை ஆய்வகத்தை மாற்றியிருந்தது. தாளின் மேல் இருந்த பெயர் மாறியது மட்டுமல்ல, கீழே பொடி எழுத்தில் இருந்த முறையும் மாறியிருந்தது: முன்பு ஜாஃபே முறை, பின்பு நொதி முறை. ஜாஃபே என்பது 1886இல் விவரிக்கப்பட்ட வினையை அடிப்படையாகக் கொண்டது. காரத்தில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து ஆரஞ்சு நிறம் தருவதை அளப்பது. ரத்தத்தில் உள்ள புரதமும் சர்க்கரையும்கூட அந்த நிறத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும் என்பதால் அது பொதுவாக மிகையாகக் காட்டும். நொதி முறைக்கு மாறினால் எண் சற்று இறங்க வேண்டும். இங்கே 0.90இலிருந்து 1.00க்கு ஏறியிருக்கிறது. அப்படியிருந்தும், அந்த ஒரு படியை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆய்வகங்களின் அளவீடு எப்படி ஒத்துப்போகும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அட்டவணையில் 2019க்கும் 2021க்கும் நடுவே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே உள்ள நான்கு வருடங்களை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தோம்.

அந்த நான்கும் ஒரே ஆய்வகம், ஒரே முறை, ஒரே மாதம். 1.00, 1.04, 1.12, 1.20. மொத்த ஏற்றம் 20 விழுக்காடு, சும்மா வரக்கூடிய 15ஐத் தாண்டுகிறது. வடிகட்டும் வீதம் மூன்று வருடத்தில் 93இலிருந்து 73க்கு இறங்கியிருக்கிறது, வருடத்துக்கு ஏறத்தாழ 7. நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 குறைவது முதுமையின் கணக்கு. தொடர்ந்து ஆண்டுக்கு 5க்கு மேல் குறைந்தால் விரைவான இறக்கம் என்று பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டு நெறிகள் கருதுகின்றன. கோட்டுக்கு மேலுள்ள பகுதியை முழுவதும் தள்ளிவிட்ட பிறகும் இந்தச் சரிவு நிற்கிறது என்பதால்தான் அன்று இரவே, "அண்ணா, கொழுப்பை அப்புறம் பார்க்கலாம், முதல்ல கிட்னிக்கு டாக்டரைப் பாருங்க" என்று சொன்னேன்.

குறி விழுந்த ஒரு சர்க்கரையும் குறி விழாத ஒரு சரிவும்

2022இல் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்தபோது வீட்டில் எல்லோரும் பயந்திருக்கிறார்கள். அண்ணி இரண்டு மாதம் அரிசியைக் குறைத்துக் களியும் கீரையும் மட்டும் போட்டிருக்கிறார். மறுவருடம் 98 வந்ததும் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிட்டார்கள். அன்றைய நிலையைக் கேட்டால் காரணம் வெளிப்படுகிறது. அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட். நள்ளிரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ரத்தம் கொடுத்திருக்கிறார். எட்டு மணி நேரமாவது வயிறு வெறுமையாக இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எனவே 108 ஒரு சரியான அளவீடே அல்ல. அதனால் மறுவருடம் 98 வந்ததற்கு 'சரியாகிவிட்டது' என்றும் பொருள் இல்லை.

ஆனால் பக்கத்துப் பத்தியில், யாரும் பார்க்காத எச்பிஏ1சி ஒருமுறைகூடத் திரும்பாமல் 5.3இலிருந்து 5.9க்கு வந்திருக்கிறது. 0.6 என்பது ஆட்டத்தைத் தாண்டிய நகர்வு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. அந்த எல்லையை அவர் 2023இலேயே தொட்டுவிட்டார். ஆய்வகம் 6.0 என்ற எல்லையை அச்சிட்டிருந்ததால் குறி விழவில்லை, அவ்வளவுதான்.

எச்பிஏ1சி ஏறிக்கொண்டே போக, வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 97, 98, 99 என்று ஏன் தேங்கி நிற்க வேண்டும்? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீரிழிவின் தொடக்கத்தில் பலருக்குச் சாப்பிட்ட பிறகு வரும் சர்க்கரைதான் முதலில் கூடும். காலைச் சர்க்கரை பின்னால்தான் வரும். இன்னொன்று எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பது. எடுத்த ரத்தத்தைப் பிரித்தெடுக்காமல் வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். இதைத் தடுக்கவே சாம்பல் நிற மூடி போட்ட, சோடியம் ஃபுளோரைடு உள்ள குழாய். அதிலும் முதல் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு முழுமையாக நிற்பதில்லை. தொழிற்சாலை முகாமில் ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் எல்லோருக்கும் எடுத்து முடித்துப் பத்து மணிக்கு மேல்தான் வண்டியில் ஏறும் என்று அண்ணன் சொன்னார். அங்கே எந்தக் குழாயைப் பயன்படுத்தினார்கள் என்பதை அறிக்கை சொல்லாது. அஞ்செட்டி, பென்னாகரம் போன்ற பகுதிகளிலிருந்து நெடுந்தூரம் பயணித்து வரும் முகாம் மாதிரிகளிலும் இந்தச் சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. எச்பிஏ1சிக்கு இந்தத் தொல்லை இல்லை. குழாயில் சில மணி நேரம் காத்திருந்தாலும் அது மாறாது. இரண்டு பத்திகளும் வேறுவேறு கதை சொன்னால் எந்தப் பத்தி எந்த வழியில் ஏமாற்றக்கூடியது என்று பார்ப்பதுதான் முறை.

எச்பிஏ1சியும் ஏமாற்றும், வேறு வழியில். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். அதனால் அதற்குப் பக்கத்தில் ஹீமோகுளோபின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும், குறிப்பாகப் பெண்களின் அட்டவணையில். அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 14க்குக் குறையவில்லை. அந்த வழியில் அவருடைய எண் கெடவில்லை.

மருத்துவர் செய்தவை

தர்மபுரியில் ஒரு பொதுநல மருத்துவரிடம் அந்த ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி அட்டவணையில் இல்லாத ஒன்று: "வலி மாத்திரை போடுவீங்களா?" முழங்கால் வலிக்காக மூன்று நான்கு வருடமாக, வாரத்தில் பாதி நாளுக்கு மேல், மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை அண்ணன் போட்டு வந்திருந்தார். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, வடிகட்டும் வீதத்தை இறக்கக்கூடியவை. ஃபுளோரைடு கலந்த நீரைப் பல காலம் குடித்த நம் மாவட்டங்களில் மூட்டு வலியும் முதுகு வலியும் சாதாரணம். அதற்காக இந்த மாத்திரையைப் பல வருடம் விழுங்குபவர்களும் நிறைய. ஒரு வருடத்துக்கு எவ்வளவு வலி மாத்திரை என்பதற்கு அட்டவணையில் ஒரு குறிப்புப் பத்தி கட்டாயம் வேண்டும் என்று அன்று முடிவு செய்தோம்.

இரண்டாவது கேள்வி ரத்த அழுத்தம். தொழிற்சாலையில் அது வேறொரு தாளில் எழுதப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. கேட்டு வாங்கிப் பார்த்தபோது 2019இல் 128/84, 2022இல் 138/88, 2024இல் 148/94. அங்கேயும் ஓர் ஏற்றம் தனியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மருத்துவர் ஒரு எண்ணை வைத்து மருந்து எழுதவில்லை. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மூன்று வாரம் கழித்து, முந்தின நாள் இறைச்சி சாப்பிடாமல், கடும் உழைப்பு இல்லாமல், போதிய தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். சமைத்த இறைச்சி கிரியேட்டினினைச் சில மணி நேரத்துக்குக் கூட்டும். அந்த ஐயத்தையும் விலக்க வேண்டியிருந்தது. வந்த முடிவு 1.16, வடிகட்டும் வீதம் 76. கொஞ்சம் திரும்பியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. ஏற்றத்தில் ஒரு பங்கு மாத்திரையுடையதாக இருக்கலாம், ஆனால் முழுவதும் அல்ல என்று இதிலிருந்து தோன்றியது.

அவர் எழுதிக் கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனைதான் கேள்வியைத் தீர்த்தது. காலை முதல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம்: ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினுக்குக் கீழ் இருக்க வேண்டும். அண்ணனுக்கு 64. இரண்டு வாரம் கழித்து 71. வடிகட்டும் வீதம் 73 என்பது தனியாக நின்றால் நோய் என்று சொல்ல முடியாது. 60க்கு மேல் இருப்பவருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் வேறு அடையாளம் வேண்டும். ஆல்புமின் கசிவுதான் அந்த அடையாளம். அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் சொல்லலாம். தொழிற்சாலைப் பரிசோதனையில் சிறுநீரில் காகிதக் குச்சி வைத்துப் பார்ப்பது வருடாவருடம் நடந்திருக்கிறது, 'இல்லை' என்றே வந்திருக்கிறது. இந்த அளவு கசிவைக் குச்சி பெரும்பாலும் காட்டாது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான அளவில், அடைப்பின்றி இருந்தன.

வீட்டில் ஒரு வாரம் அளந்த ரத்த அழுத்தமும் 140க்கு மேலேயே நின்றதால், 2025 ஜனவரியில் ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராம் தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.25 ஆகியிருந்தது. அண்ணன் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். நிறுத்தக் கூடாது. இந்த வகை மருந்து வடிகட்டியின் உள் அழுத்தத்தைக் குறைப்பதன் மூலமே சிறுநீரகத்தைக் காக்கிறது. அதனால் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்தது. 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் மருந்தைத் தொடரலாம். அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் கூடினாலோ மருத்துவர் காரணம் தேடுவார். இவருக்கு ஏறியது 8 விழுக்காடு, பொட்டாசியம் 4.6. மருத்துவரும் தொடரவே சொன்னார். அட்டவணையில் அந்த இடத்தில் இரண்டாவது சிவப்புக் கோடும், 'டெல்மிசார்ட்டான் தொடக்கம்' என்ற குறிப்பும் விழுந்தன. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த வருடம் அட்டவணையைப் பார்ப்பவர் சரிவு தொடர்கிறது என்று தவறாகப் படிப்பார்.

ஏப்ரலில் ஆல்புமின் விகிதம் 41. இறங்கியிருந்தாலும் 30க்கு மேல்தான்; மூன்று மாதமும் கடந்துவிட்டது. நோயின் பெயர் உறுதியானது. ஐம்பது வயதைத் தாண்டி நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர் என்பதால் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும் அப்போது சேர்ந்தது. அண்ணன் டிசம்பரில் கேட்ட கேள்விக்கு, அதாவது அந்தக் கொழுப்புக்கு மாத்திரை வேண்டுமா என்பதற்கு, பதில் எல்.டி.எல். பத்தியிலிருந்து வராமல் கிரியேட்டினின் பத்தியிலிருந்து வந்தது.

அதே வீட்டில் இன்னொரு அட்டவணை

அண்ணனின் அம்மாவுக்கு வயது 74. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை அவருக்கு வீட்டுக்கே வருகிறது. பெரியம்மாவின் தாள்களையும் எடுத்து எழுதியபோது, 70 வயதில் கிரியேட்டினின் 1.04, வடிகட்டும் வீதம் 58, இப்போது 1.05, வீதம் 56. ஒவ்வொரு முறையும் '60க்குக் கீழ்' என்று தடித்த எழுத்தில் வருகிறது, ஒவ்வொரு முறையும் வீடு கலங்குகிறது. நான்கு வருடத்தில் 2 குறைந்திருக்கிறது, சிறுநீரில் ஆல்புமின் கசிவு இல்லை. அவருடைய மருத்துவர் வருடம் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார். தடித்த எழுத்தில் 56 உள்ள தாயைவிட, எந்தக் குறியும் இல்லாத 73 உள்ள மகனையே நான் அவசரமாக மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

இப்போது அட்டவணை எப்படி இருக்கிறது

எண் பத்திகள் ஏழோடு ரத்த அழுத்தமும் ஆல்புமின் விகிதமும் சேர்ந்து ஒன்பதாயின. பத்தாவதாக ஒரு குறிப்புப் பத்தி: எந்த ஆய்வகம், எந்த முறை, கடைசிச் சாப்பாடு எப்போது, இரவு ஷிப்டா, அந்த மாதம் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு இருந்ததா, வலி மாத்திரை எவ்வளவு, எந்த மருந்து எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு. இதற்கு மேல் பத்தி சேர்க்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. நவம்பர் மாதத்தை மாற்ற வேண்டாம் என்றும் முடிவு. ஒரு வருடம் மாம்பழக் காலத்திலும் மறுவருடம் தை மாதத்திலும் எடுத்தால் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ஒப்பிடவே முடியாது. தொழிற்சாலை மறுபடி ஆய்வகத்தை மாற்றினால், அந்த ஒரு வருடம் மட்டும் தன் செலவில் பழைய ஆய்வகத்திலும் கிரியேட்டினின் எடுத்துக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் இரு இடத்திலும் எடுத்தால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு தெரிந்துவிடும், பழைய வரிகள் வீணாகாது.

இந்த அட்டவணைக்கு எட்டாத செய்திகளும் உண்டு. தசை குறைந்துகொண்டே போகும் முதியவருக்குக் கிரியேட்டினின் ஏறாமலே சிறுநீரகம் கெடலாம். அப்படி ஐயம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை வேண்டும், அதை வெளியூர் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒரு புள்ளி என்பது மெதுவான நகர்வைப் பிடிக்குமே தவிர, நடுவில் ஒரு கடும் வயிற்றுப்போக்கில் வந்துபோன பாதிப்பைப் பிடிக்காது. காரணம் என்ன என்பதையும் அட்டவணை சொல்லாது. வலி மாத்திரையையும் ரத்த அழுத்தத்தையும் கண்டுபிடித்தது மருத்துவரின் கேள்விகள்தான்.

2025 நவம்பர் வரி வந்துவிட்டது: கிரியேட்டினின் 1.18, வடிகட்டும் வீதம் 74, ஆல்புமின் விகிதம் 28, எச்பிஏ1சி 5.8, எல்.டி.எல். 88, ரத்த அழுத்தம் 128/80. எல்.டி.எல். இறங்கியது மாத்திரையால் என்று குறிப்புப் பத்தியில் எழுதியாயிற்று. எச்பிஏ1சியில் 0.1 இறக்கம் ஆட்டத்துக்குள்தான் அடங்கும், அதை முன்னேற்றம் என்று எழுதவில்லை. இரண்டாவது சிவப்புக் கோட்டுக்குக் கீழே வருடாந்தர வரி இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அதை வைத்துச் சரிவு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கிரியேட்டினினையும் ஆல்புமினையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். வடிகட்டும் வீதம் ஒரு வருடத்துக்குள் 69க்குக் கீழே போனாலோ, ஆல்புமின் விகிதம் இரட்டிப்பானாலோ சிறுநீரகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவதாகத் தாளின் அடியிலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அடுத்த ரத்தம் மே மாதத்தில்.